பூஜ்ஜியம் எழுதிய வீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தீர்ப்பு

மாசாயில் ஒரு கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, பிறகு அச்சடித்துக் கையில் திணிக்கப்பட்ட அந்தக் கட்டுரையைப் படித்தேன். அதன் சாரம் இது: நம் தமிழ்க் குடும்பங்களில் வருமானம் குறைந்தவர்கள்தாம் தங்கள் வருமானத்தில் பெரிய பங்கைத் தங்கத்தில் போடுகிறார்களாம். வசதி கூடக் கூட அந்தப் பங்கு குறைகிறதாம். ஆகவே பி40 குடும்பங்களுக்கு வேண்டியது சம்பள உயர்வு அல்ல, சிக்கன வகுப்பாம். இதைச் சொல்லக் கட்டுரையாளருக்குத் துணை நிற்பது தாமான்களில் வீடு வீடாகக் கொடுத்து வாங்கிய கேள்வித்தாள். மாத வருமானம் எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் நகைக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அதில் கேட்டிருக்கிறார்.

கேள்வியில் குற்றமில்லை. மாசாய் இதற்குப் பொருத்தமான ஊரும்கூட. பாசீர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவரும், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் போய்த் திரும்புபவரும் இங்கே ஒரே வரிசை வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஒரே தெருவில் வருமானம் இரண்டு மூன்று மடங்கு வேறுபடும். தங்கம் வாங்குவதில் வருமானத்தின் பங்கு என்ன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். கோளாறு, கேள்வித்தாள்கள் திரும்பி வந்த பிறகு அவர் செய்த வேலையில் இருக்கிறது. நகை வாங்காதவர்கள் நகைச் செலவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று காரணம் காட்டி, பூஜ்ஜியம் எழுதிய வீடுகளை எல்லாம் ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம் ஒதுக்கியிருக்கிறார். அவருடைய முடிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

மூல எண்களை அவர் வெளியிடவில்லை. ஆகவே நானே ஒரு கணக்கைக் கட்டுகிறேன். இது மாசாயின் அளவீடு அல்ல. உண்மை என்னவென்று முன்கூட்டியே நமக்குத் தெரிந்த ஓர் ஊரை உருவாக்கி, அதில் அவருடைய முறையை ஓட்டிப் பார்க்கும் சோதனை.

அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தங்கத்தின்மேல் ஓர் உள்நாட்டம் உண்டு. அதை ரிங்கிட்டில் அளக்கலாம் என்று வையுங்கள். மாத வருமானம் ஒவ்வோர் ஆயிரம் ரிங்கிட் கூடும்போதும் அந்த நாட்டம் 1000 ரிங்கிட் கூடுகிறது. தொடக்கம் கழித்தல் 6000. அதாவது, மாதம் 6000 ரிங்கிட் வரும் வீடு வாங்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்கிறது. வீட்டுக்கு வீடு சூழ்நிலை மாறும் என்பதால் இயல்நிலைப் பரவலில் 3000 ரிங்கிட் திட்ட விலக்கம் சேர்த்துக்கொள்வோம். நாட்டம் பூஜ்ஜியத்தைத் தாண்டினால் அந்தத் தொகைக்கு அந்த ஆண்டு நகை வாங்குவார்கள். தாண்டாவிட்டால் கேள்வித்தாளில் பூஜ்ஜியம் எழுதுவார்கள். இந்த ஊரில் வசதிதான் தங்கத்தைத் தீர்மானிக்கிறது. அப்படித்தான் நாம் கட்டியிருக்கிறோம்.

இப்போது மாதம் 3000 ரிங்கிட் வரும் 100 வீடுகளைப் பாருங்கள். அவற்றில் ஏறத்தாழ 16 வீடுகள்தாம் நகை வாங்கும். 6000 ரிங்கிட் வீடுகளில் 50 வாங்கும், 9000 ரிங்கிட் வீடுகளில் 84 வாங்கும். கட்டுரையாளரின் வழியில் போய், வாங்கிய வீடுகளை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் மூன்று பிரிவுக்கும் முறையே 1575, 2394, 3863 ரிங்கிட் வருகிறது. ஆண்டு வருமானத்தில் இது என்ன பங்கு? 3000 ரிங்கிட் வீட்டுக்கு 4.4 விழுக்காடு, 9000 ரிங்கிட் வீட்டுக்கு 3.6 விழுக்காடு. ஆகா, ஏழை கூடுதல் பங்கைத் தங்கத்தில் போடுகிறான்! கட்டுரையாளரின் கண்டுபிடிப்பு ஏறக்குறைய வந்துவிட்டது.

நீக்கிய வீடுகளைத் திருப்பிச் சேர்ப்போம். 3000 ரிங்கிட் வீடுகளின் சராசரி நகைச் செலவு 250 ரிங்கிட், 6000 ரிங்கிட் வீடுகளுக்கு 1197, 9000 ரிங்கிட் வீடுகளுக்கு 3250. ஆண்டு வருமானத்தில் பங்கு 0.7 விழுக்காட்டிலிருந்து 3.0 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. வருமானம் மூன்று மடங்கானால் தங்கச் செலவு 13 மடங்காகிறது. ஆடம்பரப் பொருள் என்பதற்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? அதே ஊர், அதே வீடுகள். எதைத் தூக்கிப் போட்டோம் என்பதை வைத்து முடிவு தலைகீழாகிவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அச்சுச் செலவு மிச்சமாகியிருக்கும். 3000 ரிங்கிட் வீட்டின் நாட்டம் சராசரியாகக் கழித்தல் 3000. அந்த வீடு நகைக்கடை வாசல் ஏற வேண்டுமானால் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்திருக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம், வருடக்கணக்கில் கட்டிவந்த கூட்டுப் பணம் கைக்கு வந்தது, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தீபாவளிக்கு அனுப்பினான், இப்படி 3000 ரிங்கிட்டுக்கும் மேல் தள்ளிவிடும் ஒரு காரணம். அத்தகைய காரணம் இருந்த 16 வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, இதுதான் ஏழை வீட்டின் வழக்கம் என்கிறார் அவர். 9000 ரிங்கிட் வீட்டுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. சாதாரண ஆண்டிலும் அது வாங்கும். ஆகவே கீழ்மட்டத்தில் விதிவிலக்கான வீடுகளையும் மேல்மட்டத்தில் சராசரி வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறார். வருமானத்தின் விளைவு மட்டுப்பட்டுத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்? நம் ஊரில் உண்மையான விளைவு ஆயிரத்துக்கு ஆயிரம். வாங்கியவர்களை மட்டும் பார்த்தால், 3000-க்கும் 6000-க்கும் இடையில் அது ஆயிரத்துக்கு 273 ரிங்கிட்டாகச் சுருங்கிவிடுகிறது.

பூஜ்ஜியம் எழுதிய வீடு எதுவும் சொல்லவில்லை என்பது தவறு. தன் வருமானம் இவ்வளவு, அந்த வருமானத்தில் தங்கம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. எவ்வளவு கட்டுப்படியாகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. புள்ளியியலில் இதைப் பூஜ்ஜியத்தில் மறிக்கப்பட்ட தரவு என்கிறோம். வீடு பட்டியலில் இருக்கிறது, வருமானம் தெரிகிறது, செலவு மட்டும் பூஜ்ஜியத்தில் முட்டி நிற்கிறது. வெட்டப்பட்ட தரவு என்பது வேறு. அதில் அந்த வீடு இருந்ததே நமக்குத் தெரியாது. கட்டுரையாளர் கையில் இருந்தது முதல் வகை. அதைத் தன் கையாலேயே வெட்டி இரண்டாவது வகையாக்கிக்கொண்டார். வீடு வீடாக அலைந்து சேர்த்த தகவலை இப்படிப் பாழாக்குவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்!

இது புதிய சிக்கலும் அல்ல. ஜேம்ஸ் டோபின் 1958-இல் எக்கனாமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரை இதையேதான் எடுத்துக்கொண்டது. கார், குளிர்பெட்டி போன்ற நீடித்து உழைக்கும் பொருள்களுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் செய்த செலவு அவருடைய தரவு. மொத்தம் 735 குடும்பங்கள், அவற்றில் ஒரு பகுதி எதுவுமே வாங்காதவை. வாங்கினார்களா இல்லையா என்று மட்டும் பார்க்கும் புரோபிட் முறை தொகையைப் பற்றிய தகவலை வீணடிக்கிறது. சாதாரணத் தொடர்புப்போக்கோ பூஜ்ஜியத்தில் குவிந்து கிடக்கும் கூட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. இரண்டையும் இணைத்து அவர் ஒரு வழி கண்டார். அதற்கு டோபிட் என்று பெயர் வைத்தவர் ஆர்தர் கோல்ட்பெர்கர், 1964-இல்.

வழி எளியது. வாங்கிய வீடு, அந்தத் தொகை விழுவதற்கான நிகழ்தகவு அடர்த்தியைக் கணக்கில் தருகிறது. வாங்காத வீடு, நாட்டம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதற்கான நிகழ்தகவைத் தருகிறது. எல்லா வீடுகளின் பங்கையும் பெருக்கி, அந்தப் பெருக்கம் எந்தக் கெழுக்களுக்கு உச்சம் தொடுகிறதோ அந்தக் கெழுக்களை எடுத்துக்கொள்கிறோம். எந்த வீட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை; தெரியாத எதையும் தெரிந்ததாகப் பாவனை செய்யவும் வேண்டியதில்லை. இன்று இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. ஆர் மென்பொருளில் மூன்று வரி:

```
library(AER)
m <- tobit(nagai ~ varumanam, left = 0, data = veedu)
summary(m)
```

இந்த இடத்தில்தான் கட்டுரையாளர் தன் துருப்புச் சீட்டை இறக்குகிறார். டோபிட் என்பது கழித்தல் தங்கத்தை நம்பும் மாயாஜாலமாம். கழித்தல் 3000 ரிங்கிட்டுக்கு எவனாவது நகை வாங்கினானா என்று கேட்டு அரங்கத்தைச் சிரிக்க வைத்திருக்கிறார். கைதட்டலும் கிடைத்ததாகக் கேள்வி.

முதலில், உள்நாட்டம் என்பது செலவு அல்ல. அந்த வீடு விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதன் அளவு. டோபிட் எந்த வீட்டுக்கும் கழித்தல் செலவைக் கணித்துச் சொல்வதில்லை. மாதம் 2000 ரிங்கிட் வரும் வீட்டுக்கு அது சொல்லும் எதிர்பார்ப்புச் செலவு 127 ரிங்கிட். கழித்தல் தங்கம் எங்கே முளைக்கிறது தெரியுமா? பூஜ்ஜியங்களைச் சேர்த்துக்கொண்டு சாதாரண நேர்கோடு போடுங்கள். நம் மூன்று சராசரிகள் வழியே போகும் கோட்டின் சரிவு ஆயிரத்துக்கு 500. அந்தக் கோட்டை 2000 ரிங்கிட் வீட்டுக்கு நீட்டினால் கழித்தல் 434 ரிங்கிட் என்கிறது. அவர் எள்ளி நகையாடிய அபத்தம், அவரே கையிலெடுக்கக்கூடிய மாற்று முறையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, தங்கத்தை வைத்து இந்த நகைச்சுவை செய்திருக்கவே கூடாது. பழைய நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நகைக்கடை காசு தரும். சிரமமான மாதத்தில் வளையலை விற்ற வீடும் உங்கள் கேள்வித்தாளில் பூஜ்ஜியம் என்றுதான் எழுதியிருக்கும், ஏனென்றால் நீங்கள் வாங்கியதை மட்டும் கேட்டீர்கள். (என் வாதம் இதை நம்பி நிற்கவில்லை, உள்நாட்டம் என்பது விற்பனைத் தொகையும் அல்ல. ஆனால் கழித்தல் தங்கம் கேட்டுச் சிரித்தவர் ஒருமுறை கடையின் அடுத்த மேசையையும் எட்டிப் பார்த்திருக்கலாம்.)

நேர்கோடு தந்த 500-க்கும் ஒரு கதை உண்டு. வில்லியம் கிரீன் 1981-இல் காட்டியபடி, காரணிகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், பூஜ்ஜியங்களோடு போட்ட நேர்கோட்டின் சரிவை, வாங்கிய வீடுகளின் விகிதத்தால் வகுத்தால் டோபிட் கெழுவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நம் ஊரில் வாங்கியவை பாதி. 500-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1000. பென்சிலில் போடக்கூடிய சரிபார்ப்பு. பூஜ்ஜியங்களைத் தூக்கிப் போட்டவருக்கு இதுவும் முடியாது, வகுக்க வேண்டிய விகிதத்தையே அவர் தொலைத்துவிட்டார்.

செலவோடு 1 கூட்டி மடக்கை எடுத்தால் போதுமே, டோபிட் எதற்கு என்று ஒரு அடிக்குறிப்பும் போட்டிருக்கிறார். 1575 ரிங்கிட்டுக்கு நகை வாங்கிய வீட்டுக்கும் வாங்காத வீட்டுக்கும் இடையே அந்த மடக்கையில் இடைவெளி 7.36. அதே தொகையைச் சென்னில் எழுதினால் 11.97. அலகை மாற்றினால் ஏழைக்கும் பணக்காரனுக்கும் உள்ள தூரம் மாறும் முறையைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சம்பள உயர்வு வேண்டாம் என்ற அவருடைய முடிவுக்கே வருவோம். 6000 ரிங்கிட் வீடுகளின் வருமானத்தில் ஆயிரம் கூடினால் தங்கச் செலவு எவ்வளவு கூடும்? டோபிட் கெழு 1000 என்பதால் 1000 ரிங்கிட் கூடும் என்று சொல்லாதீர்கள். டோபிட்டை ஆதரிப்பவர்களே அடிக்கடி விழும் குழி இது. கெழுவை, அந்த வருமானத்தில் வாங்குவதற்கான நிகழ்தகவால் பெருக்க வேண்டும். 6000-இல் அது பாதி, ஆகவே அந்த இடத்தில் ஆயிரத்துக்கு 500 என்ற வேகத்தில் செலவு ஏறுகிறது. 3000 ரிங்கிட் வீட்டுக்கு அந்த வேகம் 159 மட்டுமே. ஏழை வீட்டுக்குச் சம்பளம் ஆயிரம் கூடினால் அது தங்கத்தில் கரைந்துவிடும் என்று பயப்படுபவர் இந்த எண்ணைப் பார்க்கட்டும். மெக்டொனால்டும் மொஃபிட்டும் 1980-இல் காட்டிய வழியில் அந்த 500-ஐப் பிரிக்கலாம். ஏற்கெனவே வாங்கும் வீடுகள் கூடுதலாக வாங்குவது 182. மீதி 318, இதுவரை வாங்காமல் இருந்து புதிதாக வாங்கத் தொடங்கும் வீடுகளிலிருந்து வருகிறது. மாற்றத்தின் பெரும்பகுதி நடப்பது கட்டுரையாளர் ஓரங்கட்டிய வீடுகளில்.

இவ்வளவு சொன்னதால் டோபிட்டைச் சர்வரோக நிவாரணி என்று நான் விற்பதாக நினைக்க வேண்டாம். அவர் கட்டுரையில் அதை எதிர்க்க உருப்படியான காரணங்கள் எதுவும் இல்லை. ஆனால் உண்மையில் சில உண்டு. அவருக்காக நானே சொல்கிறேன்.

மிகப் பெரிய காரணம், வாங்கலாமா என்பதையும் எவ்வளவு வாங்கலாம் என்பதையும் ஒரே கெழு ஆள்கிறது என்று டோபிட் நம்புவது. சில பூஜ்ஜியங்கள் வசதிக் குறைவால் வருபவை அல்ல. மலேசியாவில் மதுச் செலவை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் குடும்பத்தின் பூஜ்ஜியம் வருமானம் ஐந்து மடங்கானாலும் பூஜ்ஜியம்தான். அது விளிம்பில் நிற்கும் வீடு அல்ல, சந்தைக்கு வெளியே நிற்கும் வீடு. ஆண்ட்ரூ டான், ஸ்டீவன் யென், ரொடால்ஃபோ நைகா மூவரும் மலேசியக் குடும்பங்களின் மதுச் செலவை இனவாரியாக ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டபோது டோபிட்டை எடுக்கவில்லை. வாங்கும் முடிவையும் தொகையையும் தனித்தனியே விடும் தேர்வு மாதிரியை எடுத்தார்கள். ஜான் கிராக் 1971-லேயே இரண்டு முடிவுக்கும் இரண்டு சமன்பாடு என்ற இந்தப் பாதையைத் திறந்துவிட்டிருந்தார்.

தங்கத்தில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் வரும். தங்கம் அரிதாக வாங்கும் பொருள். நான்கு ஆண்டு கூட்டுக் கட்டி ஐந்தாம் ஆண்டு மொத்தமாகச் சங்கிலி வாங்கும் வீட்டுக்கு முதல் நான்கு ஆண்டும் பூஜ்ஜியம், ஆசை குறைந்ததால் அல்ல. கேள்வித்தாளின் காலம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு இத்தகைய பூஜ்ஜியங்கள் பெருகும். 12 மாதத்துக்குப் பதில் ஒரு மாதக் குறிப்பேடு கொடுத்திருந்தால் ஊரே பூஜ்ஜியம் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்து ஆங்கஸ் டீட்டனும் மார்கரெட் ஐரிஷும் 1984-இல் இதையேதான் எடுத்துப் பேசினார்கள்: பூஜ்ஜியங்கள் எல்லாமே டோபிட் நினைக்கும் பூஜ்ஜியங்கள் அல்ல.

இன்னொன்று, சிதறல். 3000 ரிங்கிட் வீடுகள் பெரும்பாலும் ஒன்றுபோல நடந்துகொள்ளும். 9000 ரிங்கிட் வீடுகளில் ஒருவர் ஒன்றும் வாங்கமாட்டார், ஒருவர் கிலோக் கணக்கில் பேசுவார். சாதாரணத் தொடர்புப்போக்கில் இந்தச் சமமின்மை பிழை அளவைத்தான் கெடுக்கும். டோபிட்டில் கெழுவையே சாய்த்துவிடும். ஜேம்ஸ் பவல் 1984-இல் இடைநிலையை வைத்து இதைச் சமாளிக்க ஒரு வழி தந்தார். ஆனால் நம் ஊரில் 6000 ரிங்கிட்டுக்குக் கீழே எந்த வருமானத்திலும் பாதிக்கு மேல் பூஜ்ஜியம், இடைநிலையும் பூஜ்ஜியம். யாரைப் பற்றிச் சண்டை போடுகிறோமோ அந்த வீடுகளைப் பற்றி அந்த முறை வாய் திறக்காது.

டோபிட் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்கக் கடினமான வழி தேவையில்லை. வாங்கினார்களா இல்லையா என்பதற்கு மட்டும் ஒரு புரோபிட் போடுங்கள். டோபிட் சரியென்றால், புரோபிட் தரும் வருமானக் கெழு, டோபிட் கெழுவை டோபிட் தரும் திட்ட விலக்கத்தால் வகுத்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். நம் ஊரில் 1000-ஐ 3000-ஆல் வகுத்தால் 0.33. புரோபிட்டில் 0.3, 0.35 என்று வந்தால் நிம்மதி. 0.1 என்றோ 0.8 என்றோ வந்தால், வாசல் ஏறுவதை ஆளும் சட்டமும் தொகையை ஆளும் சட்டமும் வேறு வேறு. டோபிட்டை ஓரமாக வைத்துவிட்டு கிராக் மாதிரிக்குப் போக வேண்டும். வீட்டில் கல்யாண வயதுப் பெண் இருக்கிறாளா, கூட்டு கட்டுகிறார்களா என்ற இரண்டு கேள்வியைச் சேர்த்திருந்தால் அந்த மாதிரிக்கும் வேண்டிய தகவல் கிடைத்திருக்கும்.

கவனியுங்கள், மேலே சொன்ன குறைகளில் எதற்கும் தீர்வு பூஜ்ஜிய வீடுகளை நீக்குவது அல்ல. தேர்வு மாதிரிக்கும் அவை வேண்டும், கிராக் மாதிரிக்கும் வேண்டும், இந்தப் புரோபிட் சோதனைக்கும் வேண்டும். கட்டுரையாளர் டோபிட்டை நம்பாமல் போகட்டும், அது அவர் உரிமை. ஆனால் அவர் செய்ததற்கு எந்தப் பள்ளியிலும் இடமில்லை. பூஜ்ஜியம் எழுதிய தாள்களை இன்னும் கிழித்துப் போடவில்லை என்றால் அவற்றின் வருமானப் பத்தியைத் தட்டச்சு செய்து, பெயரும் முகவரியும் நீக்கி, மற்றவற்றோடு சேர்த்து வெளியிடட்டும். கணக்கை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். அதுவரை மாசாயில் எந்தச் சிக்கன வகுப்புக்கும் அந்தக் கட்டுரையைச் சாட்சியாக அழைக்க வேண்டாம்.